எட்டு டம்ளர் கொடுத்தோம், எவ்வளவு உள்ளே போனது?

சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீடு. கூடத்து ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பாதி குடித்த தே ஓ. சுவரில் ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதிக்கு நேராக எட்டு 'சரி' குறிகள். பாட்டிக்கு 79 வயது, பால்மரத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர், இப்போது எடை 42 கிலோதான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தாதியாக நான் அங்கே போனதற்குக் காரணம், இரண்டு வாரமாக அவர் சோர்ந்து படுத்தே கிடக்கிறார், சாயங்காலமானால் பேச்சு கொஞ்சம் குழம்புகிறது என்று மகள் சொன்னதுதான். "தண்ணியெல்லாம் நல்லா குடிக்குது மிஸ்ஸி, நாளைக்கு எட்டு டம்ளர் கொடுக்குறோம், பாருங்க எழுதி வச்சிருக்கேன்" என்றார் அந்த அக்கா. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எட்டு தடவை டம்ளர் போனது உண்மைதான்.

நான் செய்தது ஒன்றுதான். மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து, டம்ளரில் மிச்சம் வைப்பதைக் கீழே கொட்டாமல் ஒரு ஜக்கில் ஊற்றி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதோடு சமையலறையில் கேக் மாவுக்கு வைத்திருந்த அளவுக் குவளையை எடுத்து, அவர்கள் வழக்கமாக ஊற்றும் மட்டத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளந்தோம். 150 மில்லி. எல்லாரும் ஒரு டம்ளர் என்றால் 250 என்று மனதில் வைத்திருந்தார்கள், அப்படிப் பார்த்தால் எட்டு டம்ளர் இரண்டு லிட்டர், கவலையே வேண்டாம். உண்மையில் ஊற்றியது 1200 மில்லி. மறுநாள் ராத்திரி ஜக்கில் சேர்ந்திருந்தது 480. அப்படியென்றால் பாட்டியின் வயிற்றுக்குள் போனது 720 மில்லி. அக்கா அந்த ஜக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வயதானவர்களின் நீர்ச்சத்துக் குறைவு பற்றிப் பேசும்போது நாம் முதலில் கையின் பின்புறத் தோலைக் கிள்ளிப் பார்ப்போம், நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம், மூத்திரம் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்போம். நானும் படித்தபோது அப்படித்தான் கற்றேன், பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் முதியோர் சத்துணவு, நீர்ச்சத்து பற்றி எஸ்பென் என்ற ஐரோப்பிய மருத்துவச் சத்துணவுச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி இதை நேராகவே சொல்கிறது: தோல் மடிப்பு, வாய் வறட்சி, எடை மாற்றம், சிறுநீரின் நிறம் இவற்றை வைத்து முதியவருக்கு நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று முடிவு செய்யக்கூடாது. காரணம் புரிந்துகொள்ளச் சுலபம். எண்பது வயதுத் தோலில் இழுவிசை எப்போதோ போய்விட்டது, தண்ணீர் நிறைய இருந்தாலும் கிள்ளினால் கூடாரம் மாதிரி நிற்கும். வாயைத் திறந்தபடி தூங்குகிறவருக்கு நாக்கு காயத்தான் செய்யும். வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் பளிச்சென்று மஞ்சளாகத்தான் போகும். அதோடு சிறுநீரகத்துக்கு வயதாகும்போது சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைகிறது, அதனால் உடம்பு உள்ளே வற்றிக்கொண்டிருக்கும்போதே மூத்திரம் வெளுப்பாகப் போகலாம். பாட்டி விஷயத்தில் நடந்ததும் அதுதான், "மூத்திரம் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்று சொல்லித்தான் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

தாகத்தையும் நம்ப முடியாது. வயது ஏற ஏற மூளைக்குத் தாகம் எட்டுவது மந்தமாகிவிடும். "தாகமா இருக்கா பாட்டி?" என்று கேட்டால் "இல்லடா" என்றுதான் வரும், அதுவும் உண்மையான பதில்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் வைத்தியம் செய்தால் தப்பாகப் போகும். நீர்க்குறைவு இரண்டு வகை. அடுப்பில் ரசத்தை மறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு கரிக்கும், அது ஒரு வகை. போதிய அளவு குடிக்காததால் உடம்பில் தண்ணீர் மட்டும் குறைந்து இரத்தம் செறிவாகிவிடும், முதியவர்களுக்கு மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் வருவது இதுதான். அதே ரசத்தை அகப்பையால் மொண்டு கீழே கொட்டினால் ரசம் குறையும், ஆனால் ருசி மாறாது, தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போயிருக்கும். வயிற்றுப்போக்கு, வாந்தி, இரத்தப்போக்கு, சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை இவற்றால் வருவது அந்த இரண்டாவது வகை. முதல் வகைக்குத் தேவை தண்ணீர், தே, மைலோ, பால் மாதிரி சாதாரண பானம். இரண்டாவது வகைக்கு உப்பும் சேர்ந்து வேண்டும், அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வெறும் சோர்வுக்காக மாதக்கணக்கில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ள ஆளுக்குத் தேவையில்லாத உப்பு அது.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்திருந்தால், ஏழு அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி: குழப்பம், தட்டுத்தடுமாறிய பேச்சு, கைகால் பலவீனம், வாயின் உட்புற வறட்சி, காய்ந்த நாக்கு, வரிவரியாகப் பிளந்த நாக்கு, குழிவிழுந்த கண். இவற்றில் குறைந்தது நான்கு அடையாளங்கள் இருந்தால் இரண்டாவது வகை மிதமாகவோ கடுமையாகவோ இருக்கக்கூடும். (வாய் வறட்சி இங்கே மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கலாம், தனியாக அது ஒன்றும் சொல்லாது, மற்றவற்றோடு சேர்ந்து வரும்போதுதான் அதற்கு எடை.) பாட்டிக்கு வயிற்றுப்போக்கு இல்லை, வாந்தி இல்லை. படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் 128/70, நாடி 78. மெதுவாக எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிடம் கழித்து 118/66, நாடி 88. தலைசுற்றல் சொல்லவில்லை. நின்றதும் நாடி 30க்கு மேல் எகிறியிருந்தால், அல்லது நிற்கவே முடியாமல் சுற்றியிருந்தால், நான் அங்கேயே வண்டிக்குச் சொல்லியிருப்பேன். ஆக இது முதல் வகையாக இருக்கவேண்டும். அதை உறுதி செய்ய இரத்தம் வேண்டும்.

இரத்தம் ஏற்கெனவே எடுத்திருந்தார்கள், நான்கு நாளைக்கு முன்னால், ஒரு கிளினிக்கில். "எல்லாம் நார்மல், வயசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். சோடியம் 143, பொட்டாசியம் 4.1, சர்க்கரை 7.8, யூரியா 9.6. சோடியம் 135க்கும் 145க்கும் நடுவில்தான் இருக்கிறது, சிவப்புக் குறி இல்லை. யூரியா மட்டும் கொஞ்சம் கூட. தனித்தனியாகப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரத்தத்தின் செறிவு தனித்தனி எண்ணில் இல்லை, எல்லாம் சேர்ந்ததில்தான் இருக்கிறது. செறிவை நேரடியாக அளக்கும் பரிசோதனையும் உண்டு, அதில் 300க்கு மேல் வந்தால் குடிப்பது போதாமல் வந்த நீர்க்குறைவு என்று அர்த்தம், ஆனால் சின்ன ஊரில் அது சுலபமாகக் கிடைக்காது. கிடைக்காதபோது இந்தக் கணக்கைப் போடலாம், நம்மூர் ஆய்வகத் தாளில் வரும் மில்லிமோல் அளவுகளை அப்படியே போட்டால் போதும்:

```
1.86 × (Na + K) + 1.15 × Glucose + Urea + 14
```

இது 295ஐத் தாண்டினால் நீர்க்குறைவு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே பார்க்கவேண்டும். பாட்டியின் எண்களைப் போட்டுப் பார்த்தோம். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 147.1, அதை 1.86ஆல் பெருக்கினால் 273.6. சர்க்கரை 7.8ஐ 1.15ஆல் பெருக்கினால் 9.0. யூரியா 9.6. கடைசியில் 14. கூட்டினால் 306. நார்மல் என்று சொல்லப்பட்ட அதே தாளில், நான்கு எண்களுக்குள் ஒளிந்திருந்தது இந்த 306. எனக்கு இந்தச் சமன்பாட்டின் மேல் தனி மரியாதை உண்டு, புதிதாக ஊசி குத்தாமல், ஏற்கெனவே எடுத்த இரத்தத்திலிருந்தே பதில் வந்துவிடுகிறது. இதற்கும் வரம்பு இருக்கிறது. சிறுநீரகம் நாள்பட்டுக் கெட்டுப்போனவருக்கு யூரியா எப்போதுமே அதிகம், அதனால் இந்தக் கூட்டுத்தொகையும் ஏறித்தான் நிற்கும். அந்த ஆளுக்குப் பழைய தாளை எடுத்து வைத்து ஒப்பிடாமல் எதுவும் சொல்லக்கூடாது. சர்க்கரை 20, 25 என்று எகிறியிருப்பவருக்கும் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்கவேண்டும், அதுவே தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்.

720 மில்லி என்ற அளவும் 306 என்ற எண்ணும் ஒன்றையொன்று உறுதி செய்தன. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத்தான் அக்காவை மறுபடி டாக்டரிடம் அனுப்பினேன். வாயால் "அம்மா சரியா தண்ணி குடிக்கல" என்று சொன்னால் யாருக்கும் அது புது விஷயமாகத் தெரியாது. "24 மணி நேரத்தில் அளந்து பார்த்ததில் 720 மில்லி, கணக்கிட்ட செறிவு 306, இரண்டு வாரமாகச் சாயங்காலக் குழப்பம், படுத்து நின்று பார்த்த அழுத்தம் இவ்வளவு" என்று இருந்தால் டாக்டர் தாளைக் கையில் வாங்குவார். அவர் மாத்திரைகளைப் பார்த்தார். பெரிண்டோபிரில், மெட்ஃபார்மின், அதோடு ஹைட்ரோகுளோரோதையசைட், அதாவது நம் ஆட்கள் மூத்திர மாத்திரை என்று சொல்வது. அந்த மூன்றாவதை நிறுத்திவைத்தார். தயவுசெய்து இதை வீட்டில் நீங்களாகவே செய்யாதீர்கள், இருதயத்துக்காக அந்த மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் நிறுத்தினால் நெஞ்சில் நீர் கட்டலாம். பாட்டி மூச்சு வாங்காமல், விழிப்பாக, விழுங்கும் நிலையில் இருந்ததால் வாய்வழியாகவே சரிசெய்யலாம் என்று முடிவானது. அந்த 306 எண்ணோடு ஆளும் மோசமாகத் தெரிந்திருந்தால் தோலுக்கடியிலோ நரம்பிலோ நீர் ஏற்றவேண்டி வந்திருக்கும்.

அடுத்த கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு. எல்லாருக்கும் எட்டு டம்ளர், எல்லாருக்கும் இரண்டு லிட்டர் என்று ஒரே அளவைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எஸ்பென் சொல்வது, வயதான பெண்ணுக்குப் பானமாக மட்டும் நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டராவது கொடுக்கப் பார்க்கவேண்டும், ஆணுக்கு 2 லிட்டர், நோய் காரணமாக வேறு மாதிரி வேண்டியிருந்தால் தவிர. எடையை வைத்துக் கணக்கிடும் பழைய முறையில் கிலோவுக்கு 30 மில்லி, 42 கிலோவுக்கு 1260 மட்டுமே வரும். இன்னொரு முறை முதல் 20 கிலோவுக்கு 1500, மீதி ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லி, அப்படியென்றால் 1500உம் 330உம் சேர்த்து 1830. ஒரே பாட்டிக்கு மூன்று கணக்கு, மூன்று விடை. இதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கிலோவுக்கு 30 என்பது ஒல்லியான ஆளுக்கு எப்போதும் குறைத்தே காட்டும், சின்ன உடம்பிலும் சிறுநீரகமும் தோலும் நுரையீரலும் ஒரு குறைந்தபட்சத் தண்ணீரைச் செலவழித்துத்தான் ஆகவேண்டும், அதனால் மெலிந்த பாட்டிக்கு அதைத் தனியாக நம்பமாட்டேன். 1830 என்பது சாப்பாட்டில் உள்ள தண்ணீரையும் சேர்த்த அளவு. சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு மொத்தத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு சோறு, கறி, பழம் வழியாகப் போகும். அதைக் கழித்தால் பானம் கிட்டத்தட்ட 1460. பாட்டி சாப்பிடுவதோ அரைக் கிண்ணம் கஞ்சி, ஆகவே சாப்பாட்டுப் பங்கும் முழுதாகக் கிடைக்காது. இருதயம் பலவீனமில்லை, கால் வீக்கமில்லை, சிறுநீரகம் வயதுக்கு ஏற்றாற்போல இருக்கிறது. இதையெல்லாம் வைத்து டாக்டர் 1500 என்று எழுதினார். முதல் இரண்டு நாள் 1200, மூன்றாம் நாளிலிருந்து 1500. 720 குடித்தவரை மறுநாளே 1500க்குத் தள்ளினால் பாட்டி வாயை மூடிக்கொள்வார், வீட்டில் உள்ளவர்களும் இரண்டே நாளில் கைவிட்டுவிடுவார்கள், இதைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன்.

இருதயம் செயலிழந்தவர், டயாலிசிஸ் செய்கிறவர், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்தவர் இவர்களுக்கு இந்த எண்கள் எதுவுமே பொருந்தாது. அவர்களுக்குக் குடிப்பதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருப்பார், அதுதான் கணக்கு. யாருக்கானாலும் இலக்கை ஏற்றும்போது கணுக்காலை அழுத்திப் பாருங்கள், தலையணை இல்லாமல் படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள், மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கடைசிக் கட்டத்தில், இனி ஆறுதல் மட்டும்தான் என்று இருக்கும் ஒருவருக்கு மில்லி கணக்கே வேண்டாம், வாயை நனைத்துக்கொண்டிருந்தால் போதும்.

சரி, எண் கிடைத்தாயிற்று. ஆனால் பாட்டி ஏன் குடிக்கவில்லை என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. நான் கேட்டபோது முதலில் "எறங்கல" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "பால் வெட்டப் போறப்ப காலைல நாலு மணிக்கு ஒரு மங்கு கோப்பி, அப்புறம் பால் நிறுத்து முடியிற வரைக்கும் ஒண்ணும் குடிக்கமாட்டேன். காட்டுக்குள்ள பொம்பள எங்க போறது?" அந்தப் பழக்கம் உடம்பிலேயே ஊறிவிட்டது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: போன வருடம் ராத்திரி கக்கூசுக்குப் போகும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார், அதிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டம்ளர் வந்தால் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். ஜக்கில் சேர்ந்த 480இல் பெரும்பகுதி மூன்று மணிக்கு மேல் போன டம்ளர்களிலிருந்துதான் வந்தது. ஆக முதல் வைத்தியம் தண்ணீர் இல்லை. ஒரு கமோட் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டோம், கால்மிதிக்குப் பதில் வழுக்காத ரப்பர் விரிப்பு, ராத்திரிக்குச் சின்ன விளக்கு. மாலை ஐந்து மணிக்குள்ளேயே முக்கால்வாசி குடித்து முடித்துவிடலாம், அதற்கு மேல் யாரும் உங்களை வற்புறுத்தமாட்டோம் என்று பாட்டியிடமே பேசி வைத்துக்கொண்டோம். அந்த வாக்குறுதியை வீட்டில் எல்லாரும் காப்பாற்றினார்கள், ஆறரை மணிக்கு மாத்திரைத் தண்ணீர், எட்டு மணிக்குச் சின்னக் கோப்பையில் பால், அவ்வளவுதான்.

என்ன குடிப்பது என்பதில் ரொம்பக் கண்டிப்பு வேண்டாம். தேயும் கோப்பியும் கணக்கில் வராது, அது தண்ணீரை வெளியேற்றிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம், அது சரியில்லை, வழக்கமாகக் குடிக்கும் அளவில் தேயும் கோப்பியும் பானம்தான், முழுதாகக் கணக்கில் சேரும். பார்லித் தண்ணீர், மோர், மைலோ, தெளிவான ரசம் எல்லாம் சேரும். கெட்டிக் கஞ்சியைச் சாப்பாடாக வையுங்கள், பானத்தில் எழுதாதீர்கள், இல்லையென்றால் ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு வரும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கெட்டிப்பால் ஊற்றாமல், சீனி குறைத்து. இளநீர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதில் பொட்டாசியம் அதிகம், பெரிண்டோபிரில் மாதிரி மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் தினம் இரண்டு இளநீர் என்பது ஆபத்து. குளிர்ச்சி என்று நினைத்து அன்போடு வெட்டிக் கொடுப்பார்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். குடிக்கும்போது இருமல் வந்தால், குடித்தபின் குரல் ஈரமாக, களகளவென்று கேட்டால், இலக்கை மறந்துவிட்டு நிறுத்துங்கள், விழுங்குவதைப் பரிசோதிக்க அனுப்பவேண்டும். அந்த நிலையில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும்.

இப்போது எழுதி வைப்பது பற்றி. பழைய தாளில் இருந்தது எட்டு குறிகள். அந்தக் குறி சொல்வது, மகள் எட்டு தடவை எழுந்து போய்க் கொடுத்தார் என்பதை. அது மகளின் உழைப்பைப் பற்றிய பதிவு, பாட்டியின் வயிற்றைப் பற்றிய பதிவு இல்லை. மருத்துவமனை வார்டிலும் இதே தப்பு நடக்கும், தட்டில் வைத்த கோப்பையை 200 என்று எழுதிவிட்டுப் போவார்கள், அரை மணி கழித்து வேறொருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். அதனால் புதுத் தாளில் இரண்டு கட்டம் வைத்தேன், ஊற்றியது ஒரு கட்டம், குடித்தது ஒரு கட்டம். கூட்டுவது இரண்டாவதை மட்டும். எழுதும் நேரம் டம்ளரைத் திரும்ப எடுக்கும்போது, கொடுக்கும்போது இல்லை. டம்ளருக்கு வெளியே நகப்பூச்சால் 60, 120, 180 என்று மூன்று கோடு போட்டோம், மிச்சம் எவ்வளவு என்று பார்த்தவுடன் தெரிய. (பழைய டம்ளர் எவர்சில்வர், வெளியிலிருந்து தெரியாது, பாட்டியிடம் கேட்டுத்தான் கண்ணாடி டம்ளருக்கு மாறினோம், முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை.)

இரண்டாம் நாள் தாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலை 7.00 தே ஓ 180. 8.00 மாத்திரையோடு தண்ணீர் 150. 9.30 மைலோ 180. 11.00 பார்லி, ஊற்றியது 180, குடித்தது 120, "போதும் என்றார்". 12.30 ரசம் 100. 1.00 தண்ணீர் 100. 3.00 தே 180. 4.30 தண்ணீர், ஊற்றியது 150, குடித்தது 120. 6.30 மாத்திரைத் தண்ணீர் 100. 8.00 பால் 60. மொத்தம் 1290, இலக்கு 1200. நாலரை மணிக்குள் 1130 முடிந்திருக்கிறது பாருங்கள், அதுதான் நாங்கள் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரின் முதல் எழுத்து. ஏனென்றால் பகலில் மகள், ராத்திரியில் மருமகள், சனி ஞாயிறு ஈப்போவிலிருந்து வரும் மகன், இவர்களில் யாராவது ஒருவர் ஊற்றிய அளவையே குடித்ததாக எழுதினால் யாரிடம் பேசவேண்டும் என்று தெரியவேண்டும்.

காலியாக விட்ட கட்டம் பூஜ்யம் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். காலி என்றால் கொடுக்கவில்லையா, கொடுத்து மறுத்தாரா, கொடுத்துக் குடித்து எழுத மறந்தோமா, ஒன்றும் தெரியாது. கொடுத்து மறுத்தால் "0, மறுத்தார்" என்று எழுதி, காரணம் சொன்னால் அதையும் எழுதுங்கள். தூங்கினால் "தூக்கம்". அந்தச் சின்னக் காரணங்கள்தான் நாலு நாள் சேர்ந்தால் பெரிய விஷயம் சொல்லும்.

வெளியே போவதையும் முடிந்த அளவு எழுதினோம். பகலில் கமோட்டில் எத்தனை தடவை, ராத்திரி பேம்பர்ஸ். உலர்ந்த பேம்பர்ஸை ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டால், நனைந்ததை நிறுத்துக் கழித்துவிடலாம், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. 90 கிராம் உலர் எடை, காலையில் 340 என்றால் 250 மில்லி. மலமும் கலந்திருந்தால் அளக்காமல் "கலந்தது" என்று எழுதினால் போதும், பொய்யான எண்ணைவிட அது மேல்.

தாளின் மேலே, யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், இதை எழுதினோம்: "இலக்கு 24 மணிக்கு 1500 மில்லி பானம், காலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. மாலை 5 மணிக்குள் 1100. மாலை 5 மணிக்கு 700க்குக் கீழே இருந்தால் மிஸ்ஸிக்கு ஃபோன். இரண்டு நாள் தொடர்ந்து 1000க்குக் கீழே இருந்தால் டாக்டர். ஒரு நாளில் 500ஐத் தாண்டாவிட்டால், எழுப்ப முடியாவிட்டால், புதிதாகக் குழம்பினால், 12 மணி நேரம் மூத்திரம் போகாவிட்டால், வாந்தியோ பேதியோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி." இந்த எண்கள் இந்தப் பாட்டிக்காக நாங்கள் டாக்டரோடு பேசி வைத்துக்கொண்டவை, வேறு ஆளுக்கு வேறு எண் வரும். ஆனால் எண் இருக்கவேண்டும். "நிறைய தண்ணீர் கொடுக்கவும்" என்று குறிப்பில் எழுதினால் அதைப் பின்பற்றினோமா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது, "நன்றாகக் குடிக்கிறார்" என்பதும் அப்படித்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் உட்கார்ந்து கூட்டவேண்டும், அது யார் என்பதும் தாளில் இருக்கவேண்டும், கூட்டாத தாளால் ஒரு பயனும் இல்லை. அந்த வீட்டில் அந்த வேலையைப் படிவம் இரண்டில் படிக்கும் பேத்தி எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் 1380, ஆறாம் நாள் 1450, ஏழாம் நாள் 910. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் விசேஷம், எல்லாரும் வேலையாக இருந்தார்கள், 1 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் தாளில் ஒரு வரிகூட இல்லை. சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தார், "அஞ்சு மணிக்கு அறுநூத்தி அம்பதுதான் மிஸ்ஸி". குடிக்கவில்லையா, எழுதவில்லையா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சரி, இன்று ராத்திரி வற்புறுத்தவேண்டாம், நாளைக் காலையிலிருந்து தொடங்குங்கள், குழப்பம் ஏதும் இருந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றேன். மறுநாள் 1520. ஒரு நாள் குறைந்ததற்காக யாரையும் குறை சொல்லவில்லை, இரண்டு நாள் தொடர்ந்தால்தான் டாக்டர் என்று கோடு போட்டது இதற்காகத்தான்.

சாயங்காலக் குழப்பம் முதல் வாரத்திலேயே குறையத் தொடங்கியது. பத்தாம் நாள் இரத்தம் எடுத்தார்கள்: சோடியம் 138, பொட்டாசியம் 4.2, சர்க்கரை 7.2, யூரியா 6.1. பேத்தியே கணக்குப் போட்டு எனக்கு அனுப்பினாள், 292.9. மூத்திர மாத்திரையை நிறுத்தியதும் இதில் ஒரு பங்கு என்பதால், எவ்வளவு தண்ணீரால், எவ்வளவு மாத்திரையால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரத்த அழுத்தம் 136/74, டாக்டர் மாத்திரையை இன்னும் திரும்பத் தொடங்கவில்லை. கணுக்காலில் வீக்கமில்லை, எடை 43. தாளின் மேலே இருந்த வரியைப் பேத்தி அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 1500, காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கேட்டு மாற்றவேண்டும், அடுத்த இரத்தம் ஒரு மாதம் கழித்து, கூட்டுவது நான்.